சுமையில்லாத லைனில் ஏறும் மின்னழுத்தம்

நல்ல மழை பெய்யும் இரவுகளில் வீடுகளில் ஏசி ஓடாது. வயலில் பம்புசெட் ஓடாது. தொழிற்சாலைகள் பலவற்றில் இரவு வேலையும் குறைவு. மின்கட்டமைப்பை நடத்துகிறவர்களுக்கு நிம்மதியான நேரம் என்று நாம் நினைப்போம். அவர்களுக்குத் தலைவலி தொடங்குவதே அப்போதுதான். தென்மாநிலங்களின் மின்கட்டமைப்பை பெங்களூருவில் இருக்கும் மண்டலக் கட்டுப்பாட்டு மையம் கவனிக்கிறது. 400 கிலோவோல்ட் துணைமின் நிலையங்களில் மின்னழுத்தம் 380-க்கும் 420-க்கும் இடையே இருக்க வேண்டும் என்பது இந்திய மின்கட்டமைப்பு விதி. சுமை இறங்கிய இரவுகளில் அது 420-ஐத் தொட்டு மேலேயும் போகப் பார்க்கும். வேறு வழியெல்லாம் தீர்ந்த பிறகு, எந்தக் கோளாறும் இல்லாத நல்ல லைன் ஒன்றைத் துண்டிக்கச் சொல்லி உத்தரவு போகும். விடிந்து சுமை ஏறியதும் மறுபடி இணைப்பார்கள்.

கோடிக்கணக்கில் செலவழித்துக் கட்டிய லைனை இரவில் அணைத்து வைப்பது வினோதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த நேரத்தில் மின்னழுத்தத்தை ஏற்றிவிடுவதே அந்த லைன்தான். அதைத் துண்டிக்காமலே அடக்குவதற்கு இருக்கும் கருவியின் பெயர் ஷண்ட் ரியாக்டர்.

லைன் எப்படி மின்னழுத்தத்தை ஏற்றுகிறது? கம்பி ஒரு தகடு, பூமி இன்னொரு தகடு, இடையில் காற்று. நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் நீளத்துக்கு இப்படி ஒன்றையொன்று பார்த்து நிற்பதால், லைன் முழுவதுமே ஒரு பெரிய மின்தேக்கி. மாறுதிசை மின்னோட்டம் நொடிக்கு 50 முறை இந்த மின்தேக்கியை நிரப்பிக் காலி செய்கிறது. மறுமுனையில் ஒரு பல்புகூட எரியாவிட்டாலும் இந்த மின்னோட்டம் ஓடிக்கொண்டேதான் இருக்கும். இது வேலை எதுவும் செய்யாது; போய்விட்டுத் திரும்பி வரும். இதன் அளவை மெகாவாட்டில் சொல்லாமல் மெகாவார் என்ற அலகில் சொல்வார்கள்.

அதே கம்பிக்குத் தூண்டல் குணமும் உண்டு. சாதாரணச் சுமையின் மின்னோட்டம் அந்தத் தூண்டலின் வழியே போகும்போது, போகப் போக மின்னழுத்தம் குறையும். மின்தேக்கியின் மின்னோட்டம் போகும்போதோ நேர்மாறாக, போகப் போக மின்னழுத்தம் கூடும். 1890-ஐ ஒட்டிய ஆண்டுகளில் லண்டனில் டெப்ட்ஃபோர்டு மின்நிலையத்திலிருந்து நகருக்குள் 10 கிலோவோல்ட் கேபிள் போட்ட செபாஸ்டியன் ஃபெரான்டியின் ஆட்கள் இதைப் பார்த்துத் திகைத்தார்கள். அதனால் இன்றும் இதற்கு ஃபெரான்டி விளைவு என்றே பெயர்.

இந்த இரண்டு குணங்களும் ஒன்றையொன்று சரியாகச் சமன்செய்யும் ஒரு சுமை ஒவ்வொரு லைனுக்கும் இருக்கிறது. நம் நாட்டில் 400 கிலோவோல்ட் லைன்களில் பரவலாக இருப்பது, ஒவ்வொரு கட்டத்துக்கும் இரண்டு ‘மூஸ்’ கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் ட்வின் மூஸ் வகை. (கம்பிகளுக்கு மிருகங்களின் பெயர் வைக்கும் பழைய வழக்கம் இன்னும் போகவில்லை.) அதன் இயல்புச் சுமை ஏறத்தாழ 515 மெகாவாட். சுமை அதற்குக் கீழே இறங்கினால் மின்தேக்கியின் கை ஓங்கும். லைன் மெகாவாரைக் கொட்டத் தொடங்கும்.

எவ்வளவு ஏறும் என்பதை ஒரு கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். 400 கிலோமீட்டர் நீளமுள்ள ட்வின் மூஸ் லைன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். கிலோமீட்டருக்குச் சுமார் 0.55 மெகாவார் வீதம், மொத்தம் 220 மெகாவார். இதை ஒரு முனையிலிருந்து மட்டும் சார்ஜ் செய்கிறோம். மறுமுனை இன்னும் எதனுடனும் இணைக்கப்படவில்லை. சார்ஜ் செய்யும் நிலையம் கொஞ்சம் பலவீனமான இடத்தில் இருக்கிறது, அதன் குறுக்குச்சுற்றுத் திறன் 4,000 எம்விஏ என்று வைத்துக்கொள்வோம். பிரேக்கரை மூடும் முன் அங்கே சரியாக 400 கிலோவோல்ட்.

மூடியதும் இரண்டு ஏற்றங்கள் அடுத்தடுத்து வரும். லைன் கேட்கும் மின்தேக்கி மின்னோட்டம், நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் ஜெனரேட்டர், டிரான்ஸ்ஃபார்மர்களின் தூண்டலைக் கடந்து வரவேண்டும். அதனால் நிலையத்தின் மின்னழுத்தமே 424-க்கு ஏறிவிடும். அங்கிருந்து லைனின் நீளத்தில் மேலும் 9 சதவீதத்துக்குச் சற்று அதிகமாக ஏறி, திறந்த முனையில் 465 கிலோவோல்ட் நிற்கும். அங்கே இருக்கும் கருவிகள் தொடர்ந்து தாங்கும்படி செய்யப்பட்டது 420-க்குத்தான். லைன் நீள நீள இந்த ஏற்றம் இன்னும் வேகமாக வளரும். 100 கிலோமீட்டர் லைனில் இது அரை சதவீதம்தான். யாரும் கவனிக்கக்கூட மாட்டார்கள். அதனால்தான் குட்டை லைன்களில் ரியாக்டர் வைப்பதில்லை.

இப்போது அதே லைனின் இரண்டு முனைகளிலும் 80 மெகாவார் ரியாக்டர் ஒவ்வொன்றை, கம்பிக்கும் பூமிக்கும் இடையே இணைப்போம். ரியாக்டர் என்பது இரும்பு உள்ளகத்தில் சுற்றிய ஒரு சுருள், எண்ணெய்த் தொட்டிக்குள் அமர்ந்திருக்கும். மின்தேக்கி உமிழும் மெகாவாரை அது விழுங்குகிறது. மீண்டும் அதே கணக்கைப் போட்டால் நிலையத்தில் 408, திறந்த முனையில் 420 கிலோவோல்ட். 465 எங்கே, 420 எங்கே! லைனின் மெகாவாரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கை மட்டுமே நாம் ஈடுகட்டியிருக்கிறோம். முழுவதையும் ஈடுகட்டுவதில்லை. அப்படிச் செய்தால் லைனின் மின்தேக்கியும் ரியாக்டரும் 50 ஹெர்ட்ஸிலேயே ஒத்ததிர்வுக்கு வந்து, துண்டித்த கம்பியில் மின்னழுத்தம் தறிகெட்டு ஏற வாய்ப்பு உண்டு.

துணைமின் நிலையத்தில் ரியாக்டரைப் பார்த்தால் டிரான்ஸ்ஃபார்மர் என்றே தோன்றும். ஆனால் உயரமான புஷிங் ஒரு பக்கத்துக்கு மட்டுமே இருக்கும். மின்சாரம் வெளியே போக இன்னொரு பக்கம் கிடையாது. இன்னொரு வேறுபாடு வெளியே தெரியாது. டிரான்ஸ்ஃபார்மருக்குப் பகலில் சுமை, இரவில் ஓய்வு உண்டு. ரியாக்டருக்கோ மின்னழுத்தம் கிடைத்த நொடியிலிருந்தே முழுச் சுமை. அதன் உள்ளகத்தில் வேண்டுமென்றே இடைவெளிகள் விட்டிருப்பார்கள். காந்த விசை அந்த இடைவெளிகளை நொடிக்கு 100 முறை இழுத்து விடுவதால் ஓயாத ரீங்காரம். இந்த அதிர்வில் உள்ளே ஏதாவது தளர்ந்தால், எண்ணெயில் கரையும் வாயுக்களில்தான் முதலில் தெரியும். ஹைட்ரஜன் மெல்ல ஏறினால் கவனிக்க வேண்டும். அசிட்டிலீன் தென்பட்டால் எங்கோ தீப்பொறி பறக்கிறது என்று பொருள்.

ரியாக்டரை இரண்டு விதமாக இணைக்கிறார்கள். லைன் ரியாக்டர் கம்பியோடு நேராகச் சேர்ந்திருக்கும். பல இடங்களில் அதற்கென்று தனி பிரேக்கர் கிடையாது, ஓர் ஐசொலேட்டர் மட்டுமே. ஐசொலேட்டரால் ஓடும் மின்னோட்டத்தை அறுக்க முடியாது. ஆகவே லைன் உயிரோடு இருக்கும்வரை ரியாக்டரும் கூடவே இருக்கும். மறுமுனையில் சுமை திடீரென்று விழுந்தாலும் காப்பாற்ற ஆள் தயாராக நிற்கும் என்பது இதன் நன்மை. பகலில் லைன் 700 மெகாவாட் சுமக்கும்போதும் ரியாக்டர் மெகாவாரை விழுங்கிக்கொண்டே இருக்கும், மின்னழுத்தம் தேவையில்லாமல் இறங்கும் என்பது தீமை. பஸ் ரியாக்டர் நிலையத்தின் பொதுக் கம்பிகளில் தனி பிரேக்கரோடு நிற்கும். இரவில் சேர்த்து, காலையில் எடுத்துவிடலாம். லைன் ரியாக்டருக்கும் பிரேக்கர் வைத்து, லைன் அணைந்திருக்கும்போது அதையே பஸ் ரியாக்டராகப் பயன்படுத்துவதும் உண்டு.

அந்த பிரேக்கரின் கதைதான் இந்த விஷயத்திலேயே சுவையானது.

400 கிலோவோல்ட் பிரேக்கர் ஒன்று 40,000 ஆம்பியர் குறுக்குச்சுற்று மின்னோட்டத்தை அறுக்கும்படி வடிவமைக்கப்பட்டது. 80 மெகாவார் ரியாக்டரில் ஓடுவது வெறும் 110 ஆம்பியர். ஆனால் பிரேக்கரைத் திணற வைப்பது இந்த 110 ஆம்பியர்தான். பெரிய மின்னோட்டத்தில் தீவில் கொழுந்துவிட்டு எரியும். அது தானாகப் பூஜ்யத்தைக் கடக்கும் கணத்தில் பிரேக்கர் அதை அணைக்கும். சிறிய மின்னோட்டத்தின் தீவில் நோஞ்சான். உள்ளே பீறிட்டு வரும் எஸ்எஃப்6 வாயு, பூஜ்யம் வரும்வரை காத்திராமல், சில ஆம்பியர் மிச்சம் இருக்கும்போதே அதை ஊதி அணைத்துவிடுகிறது. இதைக் கரன்ட் சாப்பிங் என்கிறார்கள்.

பம்புசெட் ஓடும்போது வால்வைப் பட்டென்று மூடினால் குழாய் அதிருமே, அதுதான் இங்கேயும் நடக்கிறது. சுருளில் தேங்கிய காந்த ஆற்றலுக்குப் போக இடமில்லை. அது சுருளுக்கும் புஷிங்குக்கும் இருக்கும் சிறு மின்தேக்கத்துக்குள் பாய்ந்து மின்னழுத்தமாக எகிறுகிறது. நம் ரியாக்டரின் தூண்டல் சுமார் 7 ஹென்றி. மின்தேக்கம் 3 நானோஃபாரட் என்று வைத்துக்கொண்டு, 10 ஆம்பியரில் அறுந்தது என்றால், ரியாக்டர் பக்கம் மின்னழுத்தம் வழக்கமான உச்சத்தைப் போல் 1.7 மடங்குக்கு ஏறும். நொடிக்கு ஆயிரத்துக்கும் சற்று அதிகமான முறை அது ஊசலாடும். கட்டமைப்பின் பக்கமோ மின்னழுத்தம் தன் பழைய உச்சத்திலேயே நிற்கிறது. இரண்டும் எதிரெதிராக வரும்போது, பிரேக்கரின் பிரிந்த முனைகளுக்கு இடையே 900 கிலோவோல்ட்டுக்கு மேல் நிற்கும். அதுவும் அரை மில்லி நொடிக்குள்.

அந்தக் கணத்தில் முனைகள் எவ்வளவு தூரம் விலகியிருக்கின்றன என்பதுதான் கேள்வி. பிரேக்கர் முனைகள் மில்லி நொடிக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில் விலகும். மின்னோட்டம் பூஜ்யமாவதற்கு ஒரு மில்லி நொடிக்கு முன்புதான் அவை பிரிந்தன என்றால் இடைவெளி விரல் தடிமன்கூட இருக்காது. அதில் 900 கிலோவோல்ட் நிற்குமா? இடைவெளி உடைந்து தீவில் மறுபடி பற்றும். அப்படிப் பற்றும்போது மிகச் செங்குத்தான ஓர் அலை ரியாக்டர் சுருளுக்குள் பாயும். அது சுருள் முழுவதிலும் சீராகப் பரவ நேரம் இருக்காது; முதல் சில சுற்றுகளே மொத்த அடியையும் வாங்கும். ஒருமுறை நடந்தால் ஒன்றும் ஆகாமல் போகலாம். பஸ் ரியாக்டர் தினமும் இரவில் சேர்ந்து காலையில் பிரிவது. ஆண்டுக் கணக்கில் இது தொடர்ந்தால் சுருளின் காப்பும் போகும், பிரேக்கரின் உள்முனைகளும் அரிக்கப்படும்.

இதற்கு இப்போது இருக்கும் தீர்வு எளிமையானது: பிரேக்கரை அதன் போக்கில் விடாமல் நேரம் பார்த்துப் பிரிப்பது. கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் பொத்தானை அழுத்தும் கணம் மின்னலையின் எந்த இடத்தில் விழும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே பொத்தானுக்கும் பிரேக்கருக்கும் இடையே ஒரு சிறு கருவியை வைக்கிறார்கள். உத்தரவு வந்ததும் அது உடனே அனுப்பாது. அலையின் அடுத்த பூஜ்யத்தைக் கணக்கிடும். இந்த பிரேக்கர் பிரிய எத்தனை மில்லி நொடி எடுக்கும் என்பது அதற்குத் தெரியும். இரண்டையும் வைத்துப் பொருத்தமான கணத்தில் உத்தரவை விடும். 50 ஹெர்ட்ஸில் பூஜ்யங்கள் 10 மில்லி நொடிக்கு ஒன்று வரும். ஒரு பூஜ்யம் கடந்து சற்று நேரத்திலேயே முனைகள் பிரிந்துவிட்டால், அடுத்த பூஜ்யம் வருவதற்குள் ஏழெட்டு மில்லி நொடி கிடைக்கும். அதற்குள் இடைவெளி போதுமான அளவு அகன்றுவிடும், மறுபடி பற்றாது. மூன்று கட்டங்களின் பூஜ்யங்களும் 3.3 மில்லி நொடி தள்ளித் தள்ளி வருவதால், மூன்று முனைகளையும் அதே வரிசையில் தனித்தனியாகப் பிரிக்க வேண்டும். மூன்றையும் ஒரே தண்டால் இழுக்கும் பிரேக்கர் இதற்கு உதவாது.

பிரேக்கர் ஓர் இயந்திரம்தானே. குளிரில் சற்று மந்தமாகும், நெடுநாள் சும்மா நின்றாலும் மந்தமாகும். நிலையத்தின் பேட்டரி மின்னழுத்தம் குறைந்தாலும் நேரம் மாறும். கட்டுப்படுத்தும் கருவி இவற்றையெல்லாம் அளந்து ஈடுசெய்கிறது. அப்படியும் தவறினால் கண்டுபிடிப்பது கடினமில்லை. ஒவ்வொரு முறையும் மின்னோட்டத்தின் பதிவைப் பார்த்தால் போதும். நின்றிருக்க வேண்டிய பூஜ்யத்தில் நிற்காமல் மின்னோட்டம் இன்னும் 10 மில்லி நொடி, அதாவது அரைச் சுற்று கூடுதலாக ஓடியிருந்தால், அங்கே தீவில் மறுபடி பற்றியிருக்கிறது. ஒரு கட்டத்தில் மட்டும் இது திரும்பத் திரும்ப வந்தால் அந்த முனையின் இயக்கத்தைச் சோதிக்கும் நேரம் வந்துவிட்டது.

சேர்ப்பதற்கும் நேரம் பார்க்க வேண்டும். மின்னழுத்தம் உச்சத்தில் இருக்கும்போது மூடினால் ரியாக்டரின் மின்னோட்டம் சமமாகத் தொடங்கும். மின்னழுத்தம் பூஜ்யத்தில் இருக்கும்போது மூடினால் மின்னோட்ட அலை முழுவதும் ஒரு பக்கமாக ஏறி நிற்கும். உச்சம் ஏறத்தாழ இரட்டிப்பாகும். ரியாக்டரில் மின்தடை மிகக் குறைவு என்பதால் இந்த ஒருபக்கச் சாய்வு அடங்க ஒரு நொடிக்கும் மேல் பிடிக்கும். பஸ் ரியாக்டரில் இது ஒரு தொந்தரவு, அவ்வளவே. சில நேரம் ரிலே ஏமாந்து ட்ரிப் ஆகும். லைன் ரியாக்டரில் இது ஆபத்து.

நம் 400 கிலோமீட்டர் லைனுக்கே திரும்புவோம். லைனின் மின்தேக்கி மின்னோட்டம் சுமார் 318 ஆம்பியர். இரண்டு ரியாக்டர்களும் சேர்ந்து 209. இவை எதிரெதிரானவை என்பதால் லைன் பிரேக்கரில் மாறுதிசையாக ஓடுவது மிச்சமுள்ள 109 மட்டுமே. தப்பான கணத்தில் மூடினால் ரியாக்டர்களின் ஒருபக்கச் சாய்வும், 209 ஆம்பியர் அலையின் உச்சம் அளவுக்கு, இதே பிரேக்கர் வழியாகத்தான் வரும். 109-இன் அலை எவ்வளவு ஊசலாடினாலும் பூஜ்யத்தைத் தொடாது. பூஜ்யம் இல்லாத மின்னோட்டத்தை பிரேக்கரால் அறுக்க முடியாது. இந்த நிலை அரை நொடிக்கும் மேல் நீடிக்கும். பிரேக்கர் வேலையை முடிக்க வேண்டியதோ சுமார் 40 மில்லி நொடியில். லைனைச் சார்ஜ் செய்த அதே கணத்தில் ஒரு கட்டத்தில் பழுது இருந்து மூன்றையும் ட்ரிப் செய்ய நேர்ந்தால், பழுதான கட்டம் சுலபமாக அறும். பழுதில்லாத இரண்டு கட்டங்களில்தான் தீவில் அணையாமல் எரிந்து பிரேக்கரைப் பாழாக்கும்.

கணக்கைப் பார்த்தால் எல்லைக்கோடும் தெரிந்துவிடும். லைனின் மெகாவாரில் பாதிக்கு மேல் ரியாக்டரால் ஈடுகட்டினால் இந்தச் சிக்கல் வரலாம். பாதிக்குள் நின்றால் வராது. நாம் வைத்திருப்பதோ மூன்றில் இரண்டு பங்கு. ஆகவே இரண்டு ரியாக்டர்களையும் ஒன்றாகச் சேர்த்துச் சார்ஜ் செய்யாமல், நிலையத்தின் பக்கம் இருப்பதைப் பிரித்து வைக்கலாம், அதற்குத் தனி பிரேக்கர் இருந்தால். அப்போது ஈடு மூன்றில் ஒரு பங்கு; பூஜ்யம் தவறாமல் வரும். ஆனால் மின்னழுத்தம்? நிலையத்தில் 415, திறந்த முனையில் 428. எல்லையைத் தாண்டுகிறது. அதனால் சார்ஜ் செய்யும் முன்பே நிலையத்தின் மின்னழுத்தத்தை 390-க்கு இறக்கி வைக்கிறார்கள். அதன்பின் மூடினால் 405, 417, எல்லைக்குள் வந்துவிடும். லைன் நிலைத்ததும் இரண்டாவது ரியாக்டரை, நேரம் பார்த்து மின்னழுத்த உச்சத்தில் சேர்க்கலாம். பிரேக்கரிலேயே ஒரு மின்தடையைச் சில மில்லி நொடிகளுக்கு இடையில் நுழைத்து மூடும் முறையும் நம் நாட்டு நீண்ட லைன்களில் உண்டு. அதுவும் அதிர்வைக் குறைக்கும்.

லைன் ரியாக்டருக்கு இன்னொரு வேலையும் இருப்பதால் அதை நினைத்த நேரத்தில் எடுத்துவிட முடியாது. மின்னல் போன்றவற்றால் வரும் பழுதுகளில் பெரும்பாலானவை ஒரு கட்டத்தை மட்டும் தாக்குபவை. அந்தக் கட்டத்தை மட்டும் துண்டித்து ஒரு நொடி கழித்து மறுபடி சேர்ப்பார்கள். ஆனால் துண்டித்த கம்பிக்குப் பக்கத்துக் கம்பிகள் இரண்டும் காற்றிடைவெளி வழியாகக் கொஞ்சம் மின்னோட்டத்தை ஊட்டிக்கொண்டே இருப்பதால் பழுதான இடத்துத் தீவில் அணையாமல் கனன்றுகொண்டிருக்கும். ரியாக்டரின் மூன்று சுருள்களும் சேரும் நடுப்புள்ளியைப் பூமியுடன் நேராக இணைக்காமல், இடையே ஒரு சிறிய நியூட்ரல் ரியாக்டரை வைத்தால் அந்த ஊட்டம் பெருமளவு நின்றுபோகும், தீவில் அணையும். இந்த ஏற்பாடு லைனுக்கென்றே கணக்கிட்டது. லைன் அணைந்த நேரத்தில் அதே ரியாக்டரைப் பஸ்ஸில் சேர்த்தால், நியூட்ரல் ரியாக்டரைச் சுற்றிக்கொண்டு நேராகப் பூமிக்குப் போகும் வழியை அதற்கு முன்பே மூடியிருக்க வேண்டும்.

765 கிலோவோல்ட்டில் எல்லாமே பெரிது. கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 2.4 மெகாவார், அதாவது 400 கிலோவோல்ட் லைனைப் போல் நான்கு மடங்குக்கும் மேல். அங்கே 240, 330 மெகாவார் ரியாக்டர்கள், ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித் தொட்டியாக நிற்கும். 2013 டிசம்பர் 31-இல் ராய்ச்சூர்–சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் வழியாகத்தான் தென்னிந்தியக் கட்டமைப்பு நாட்டின் மற்ற பகுதிகளோடு ஒரே அலைவரிசையில் இணைந்தது. அதன்பின் இந்த வகை லைன்கள் பெருகியிருக்கின்றன. இவற்றின் இயல்புச் சுமை சுமார் 2,250 மெகாவாட். நள்ளிரவில் அந்தச் சுமை எங்கிருந்து வரும்?

லைனையே துண்டித்து மின்னழுத்தத்தை இறக்குவது அவசரத்துக்கு உதவும் வழிதான். ஒரு லைன் குறைந்த கட்டமைப்பில் அடுத்த பழுதைத் தாங்கும் வலு குறையும். லைன் பிரேக்கர்களும் தினசரி வேலைக்காரர்களாகித் தேயும். நீண்ட லைன் ஒன்றைத் திட்டமிடும்போதே ரியாக்டருக்குத் தனி பிரேக்கரும், அதற்கு நேரம் பார்க்கும் கருவியும் சேர்த்து வாங்குவது, பிறகு ஒரு ரியாக்டர் சுருளை மாற்றும் செலவோடு ஒப்பிட்டால் சின்னத் தொகை. அதைச் செலவுக் குறைப்பு என்று சொல்லி விட்டுவிடுவது தவறான சிக்கனம்.